‘பாத்துக்கிடலாம்’ என்றால் எத்தனை ரூபாய்?

பாளையங்கோட்டைப் பக்கம் மனை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இந்தப் பேச்சு பழக்கமானதுதான்.

“கமிஷன் என்ன அண்ணாச்சி?”

“அதெல்லாம் பாத்துக்கிடலாம். முதல்ல இடம் முடியட்டும்.”

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் நானும் இதே பதிலைத்தான் சொல்லிவந்தேன். ஏமாற்றும் எண்ணத்தில் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் காசைப் பற்றிப் பேசினால் பார்ட்டி முகம் சுருங்கிவிடும், பேச்சு முறிந்துவிடும் என்ற பயம்தான். ஆனால் பத்திரம் பதிவான அன்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கும்போது உண்மை தெரியும். அந்த ‘பாத்துக்கிடலாம்’ எனக்கு இரண்டு சதவீதம், விற்றவருக்குப் பத்தாயிரம் ரூபாயும் ஒரு வேட்டியும். இருவர் மேலும் தப்பில்லை. ஆளுக்கொரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் சிரித்துப் பேசியிருக்கிறோம்.

இப்போது இடத்தை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறேன். என் கமிஷன் என்ன, எப்போது தர வேண்டும், வேறு யாரிடம் நான் வாங்குகிறேன், அதற்கு என்ன வேலை செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். சதவீதம் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான். சண்டை வருவது பெரும்பாலும் மற்ற வரிகளில்.

முதலில் சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வீடு, மனைத் தரகுக்கு இத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. ஒன்று, இரண்டு என்பதெல்லாம் வழக்கம். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. ஆனால் அது புதிதாகப் பிரித்து விற்கும் மனைப்பிரிவு, அடுக்குமாடி போன்ற திட்டங்களுக்கான சட்டம். அப்பா வாங்கிப்போட்ட பழைய மனையை மகள் விற்கும்போது பொதுவாக அது வருவதில்லை. அப்போது மிஞ்சுவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் முகவர் பற்றிய அத்தியாயம் தரகருக்கும் பொருந்தும். அதன் 219ஆம் பிரிவை எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பேன். தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், ஒப்புக்கொண்ட வேலை முடியும்வரை முகவருக்குக் கூலி கிடையாது என்கிறது அது.

சரி, வேலை எப்போது முடிகிறது? வாங்குபவரைக் கூட்டிவந்து விலை பேசி முடித்தபோதா, அட்வான்ஸ் கைமாறியபோதா, பத்திரம் பதிவானபோதா? பிரிவில் இதற்குப் பதில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முழுக் கமிஷனையே கொடுத்தேன். மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான இடம் ஒன்று. ஊரில் இருந்த மூத்தவர்தான் என்னிடம் பேசினார். பார்ட்டியைக் கொண்டுவந்தேன், விலை முடிந்தது, அட்வான்ஸும் கொடுத்தார்கள். அப்புறம் மும்பையில் இருந்த இரண்டு தம்பிகளும் விலை போதாது என்று மறுத்துவிட்டார்கள். அட்வான்ஸ் திரும்பிப் போனது. எட்டு மாதம் கழித்து அதே பார்ட்டிக்கே, சென்டுக்குக் கொஞ்சம் கூட்டி, நேரடியாக விற்றுவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். “எங்கிட்ட நீங்க பேசவே இல்லையே” என்றார் நடுத்தம்பி. அவர் சொன்னது உண்மைதான். பட்டாவில் மூன்று பெயர் இருந்தது, நான் பேசியது ஒரு வாயோடு.

அந்த இடத்திலிருந்து என் கடிதத்துக்கு மூன்று வரிகள் கிடைத்தன. பட்டாவிலும் பத்திரத்திலும் உள்ள உரிமையாளர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒன்று. கமிஷன் பதிவு நாளில்தான், அதற்கு முன்னால் ஒரு ரூபாயும் இல்லை என்பது இரண்டாவது. கடிதத்தின் காலம் முடிந்த பிறகும், நான் எழுத்தில் பெயர் கொடுத்து இடம் காட்டிய ஆளுக்கே 90 நாளுக்குள் விற்றால் கமிஷன் உண்டு என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைப் பார்த்ததும் விற்பவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். தயங்க வேண்டியதுதான். சில கடிதங்களில் ‘நான் அறிமுகப்படுத்திய எவருக்கும்’ என்று மட்டும் இருக்கும். பட்டியல் இருக்காது, நாள் கணக்கும் இருக்காது. அப்படி எழுதினால் பிற்பாடு யாரை வேண்டுமானாலும் ‘நான் கூட்டிவந்த ஆள்தான்’ என்று சொல்லிவிடலாம். அதனால் ஒருவருக்கு இடம் காட்டிய அன்றே, அவர் பெயரையும் தேதியையும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அந்தச் செய்திகள்தான் பட்டியல். அதில் இல்லாத பெயருக்கு எனக்குக் கமிஷன் இல்லை.

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அதை ‘கைக்கு’ என்று சொல்வோம். விற்பவர், “எனக்குக் கைக்குச் சென்டுக்கு இவ்வளவு வரணும், மேல எவ்வளவு வச்சு வித்தாலும் எனக்குக் கவலை இல்லை” என்பார். அல்லது புரோக்கரே, “உங்க கைக்கு இவ்வளவு குடுத்திருதேன், கமிஷன்னு ஒத்தப் பைசா உங்ககிட்ட வாங்க மாட்டேன்” என்பார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! கமிஷன் இல்லாத புரோக்கர் யாருக்குத்தான் பிடிக்காது?

போன முறை ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இடத்தை முடித்துக் கொடுத்தேன். சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். ரெட்டியார்பட்டி சாலைப் பக்கம் அவர் பெயரில் 12 சென்ட் மனை. என்னிடம் வருவதற்கு முன்பே ஒருவர் அவரிடம் சென்டுக்கு நாலே கால் லட்சம் கைக்கு, கமிஷன் இல்லை என்று பேசியிருந்தார். மொத்தம் 51 லட்சம். டீச்சருக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது. போனில் என்னிடம், “தம்பி, அவரு கமிஷனே கேக்கலை. நீங்க ஒண்ணரை சதவீதம்னு எழுதி அனுப்பியிருக்கீங்க. எது நல்லது, நீங்களே சொல்லுங்க” என்றார்.

கடைசியில் அந்த மனை சென்டுக்கு 4,80,000 ரூபாய்க்கு முடிந்தது. 12 சென்டுக்கு 57,60,000. என் கமிஷன் ஒன்றரை சதவீதம், 86,400 ரூபாய். அதைக் கழித்தால் டீச்சருக்கு 56,73,600. அதே பார்ட்டி, அதே விலை, ஆனால் கைக்குப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு 51 லட்சம் போயிருக்கும், நடுவில் நின்றவருக்கு 6,60,000 போயிருக்கும். விற்ற விலையில் அது பதினொரு சதவீதத்துக்கும் மேல். ‘கமிஷன் இல்லை’ என்பதன் விலை அதுதான்.

பத்திரத்தில் விலை இருக்குமே, விற்பவருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாமல் பார்த்துக்கொள்ள வழிகள் உண்டு. பத்திரத்தில் 51 லட்சம் என்றே எழுதுவார்கள். மேலே உள்ள 6,60,000 வாங்குபவர் கையிலிருந்து நேராகப் புரோக்கர் கைக்கு ரொக்கமாகப் போகும். வாங்குபவர் இதற்கு ஒத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒன்பது சதவீதம். 6,60,000 குறைத்து எழுதினால் அவருக்கு 59,400 ரூபாய் மிச்சம். பின்னால் அவர் அந்த இடத்தை விற்கும்போது வாங்கிய விலை 51 லட்சம் என்றே கணக்காகி, லாபம் பெரிதாகத் தெரிந்து, வரியும் கூடும். அதை அன்றைக்கு யாரும் நினைப்பதில்லை. இன்னொரு வழி, புரோக்கர் தன் பெயருக்கே பவர் எழுதி வாங்கிக்கொள்வது. வெளியூரில் இருப்பவர்களிடம் இது சுலபம். “எதுக்கு அலையணும், பவர் குடுத்திருங்க, நான் முடிச்சிருதேன்” என்றால் முடிந்தது. விற்பவர் வாங்கியவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே அறிகுறி எளிது. வாங்குபவரையும் விற்பவரையும் பதிவு நாள்வரை சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்கிற புரோக்கர். வரத் தயாராக இருப்பவரிடமும் பவர் கேட்கிற புரோக்கர். பத்திர நகலை முதல் நாளே அனுப்பச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்கிற புரோக்கர். இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நடுவில் ஒரு கணக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கைக்குப் பேச்சு எல்லாமே சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. கடைசி விலை என்ன, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரிந்தே விற்பவர் சம்மதித்தால் அது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். மறைப்பதில்தான் வில்லங்கம். ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு, தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் முகவர் அந்த வியாபாரத்தில் சொந்தக் கணக்கில் லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நியமித்தவர் கேட்டு வாங்கலாம் என்கிறது. 220ஆம் பிரிவு, முறைகேடாக நடந்துகொண்ட வேலைக்கு முகவருக்குக் கூலியே இல்லை என்கிறது. ஆனால் இந்தப் பிரிவுகளைக் கையில் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவர் உங்களுடைய முகவர்தான், இன்ன நிபந்தனையில்தான் என்று காட்ட வேண்டும். எழுத்தில் ஒன்றுமில்லாமல் டீக்கடைப் பேச்சை வைத்து அதைக் காட்டுவது பெரும்பாடு.

புரோக்கர்கள் ஏன் கடிதம் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் வேறு. “நம்பிக்கைதான சார் முக்கியம்” என்பது சொல்கிற காரணம். பத்திர விலை ஒன்று, உண்மை விலை ஒன்று என்று இருக்கும் பேரத்தில் யாராலும் கடிதம் எழுத முடியாது என்பதே உள்ளே இருப்பது. சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் எழுதுவது? உண்மை விலையை எழுதினால் அந்தக் கடிதமே சாட்சியாகிவிடும். விற்பவரும் இதை யோசிக்க வேண்டும். அசையாச் சொத்து விற்பனையில் அட்வான்ஸாகவோ வேறு வகையிலோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதம் ரொக்கம் வாங்கியவருக்குத்தான், அதாவது விற்பவருக்கு. இதனால் கறுப்பு கலந்த பேரங்கள் என்னைத் தேடி வருவது குறைந்துபோனது. வருமானம் கொஞ்சம் அடிவாங்கத்தான் செய்தது, மறைக்கவில்லை.

டீச்சருக்கு நான் அனுப்பிய கடிதத்தில் கமிஷன் பகுதி இப்படி இருந்தது:

“உங்கள் 12 சென்ட் மனையை விற்றுத் தருவதற்கு, கிரயப் பத்திரத்தில் எழுதப்படும் விலையில் 1.5 சதவீதம் என் கமிஷன். பத்திரத்தில் முழு விலையும் எழுதப்படும். உதாரணமாக விலை 60 லட்சம் என்றால் கமிஷன் 90,000 ரூபாய். 55 லட்சம் என்றால் 82,500 ரூபாய். நான் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை, ஆகவே இதன்மேல் வரி எதுவும் கிடையாது. வாங்குபவரிடமும் நான் 1 சதவீதம் கமிஷன் பெறுவேன். அதை அவர் தன் பணத்திலிருந்து தனியாகத் தருவார். உங்களுக்கு வரவேண்டிய விலையில் அது குறையாது. இந்த இரண்டையும் தவிர, இந்த விற்பனையில் யாரிடமிருந்தும் எந்தப் பெயரிலும் எனக்கு வேறு வருமானம் இல்லை. உதவிக்கு வரும் மற்ற தரகருக்கு என் பங்கிலிருந்து நானே கொடுப்பேன்.”

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய சண்டை இருக்கிறது. உதாரணத் தொகை ஏன்? ஒன்றரை சதவீதம் என்பது காதில் சின்னதாக விழுகிறது. 90,000 ரூபாய் என்று படித்தால்தான் அது எவ்வளவு என்று மனதில் படுகிறது. பதிவு நாளில் அதிர்ச்சியாவதைவிட முதல் நாளே அதிர்ச்சியாகி பேரம் பேசட்டும். டீச்சர் பேசினார், இரண்டு கேட்ட இடத்தில் ஒன்றரைக்கு வந்தது அப்படித்தான்.

ஜிஎஸ்டி வரியும் அப்படியே. தரகுச் சேவைக்கு வரி 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தரகர் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாதவர் அந்தப் பெயரில் ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. பதிவு உள்ளவரானால் 86,400 ரூபாயோடு 15,552 ரூபாய் வரி சேர்ந்து 1,01,952 ஆகியிருக்கும். ‘வரிகள் தனி’ என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிற கடிதம், பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தை மறைத்துவைத்திருக்கிறது. பதிவு உண்டா, இல்லையா, உண்டென்றால் எண் என்ன என்று கேட்க வேண்டும்.

அடுத்து இரண்டு பக்கமும் வாங்குவது. எங்கள் ஊரில் இது ஊரறிந்த பழக்கம்தான். ஊரறிந்தது என்பதற்காக டீச்சருக்கும் தெரியும் என்று அர்த்தமில்லை. விற்பவருக்காக விலையைக் கூட்டப் பேசுகிறேன் என்று சொல்லும் அதே ஆள், வாங்குபவருக்காகக் குறைக்கப் பேசுகிறேன் என்றும் காசு வாங்குகிறார். இந்தச் சிக்கலைக் கடிதம் தீர்க்காது. நான் யாருக்காகப் பேசுகிறேன் என்ற சந்தேகத்தை அவரே எடைபோட்டுக்கொள்ள வழி செய்யும், அவ்வளவே. வாங்கியவருக்கும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தேன்; விற்பவரிடம் ஒன்றரை வாங்குகிறேன் என்று அதிலும் இருந்தது. “அப்ப உங்களுக்கு அந்தப் பக்கந்தான பாசம் ஜாஸ்தி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கேட்டது சரிதான். அதனால்தான் என்னிடம் மட்டும் விலை கேட்காமல், பக்கத்து மனைகள் அண்மையில் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கின்றன என்று அவரையே விசாரித்துக்கொள்ளச் சொன்னேன்.

புது மனைப்பிரிவு விற்கிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் மறைவாக நடக்கும். அங்கே புரோக்கருக்கு மனைப்பிரிவு போட்டவரே கமிஷன் கொடுத்துவிடுவார். வாங்குபவர் தனக்குச் செலவில்லை என்று நினைத்துக்கொள்வார். எந்த மனைப்பிரிவில் கமிஷன் கூடவோ அங்கேயே வேன் நிற்கும். அதையும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுப்பதுதான் முறை, ரியல் எஸ்டேட் பதிவு எண்ணோடு சேர்த்து.

சேவைப் பகுதியில் செய்வதைவிடச் செய்யாததை எழுதுவது முக்கியம் என்பது என் எண்ணம். டீச்சர் கடிதத்தில் அது இப்படி:

“இடத்தைக் காட்டுவது, விலை பேசுவது, வில்லங்கச் சான்று, பட்டா நகல் எடுத்துத் தருவது, பத்திர எழுத்தரிடமும் பதிவு அலுவலகத்திலும் உடனிருப்பது ஆகியவை என் வேலை. பத்திரம் சரிதானா என்று சட்டக் கருத்து சொல்வது என் வேலை அல்ல. அதற்கு நீங்களோ வாங்குபவரோ வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்க வேண்டும். அளவை, வழக்கறிஞர், பத்திர எழுத்துக் கட்டணங்கள் என் கமிஷனில் சேராது. உங்களுக்கு வரும் செலவு எதுவானாலும் முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் பெற்று, ரசீதோடு மட்டுமே கேட்பேன். வண்டிச் செலவு கிடையாது. முன்பணம் உட்பட எந்தத் தொகையையும் உங்கள் சார்பில் நான் வாங்க மாட்டேன். வாங்குபவர் உங்கள் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துவார்.”

ரசீதோடு மட்டுமே என்பதைச் சும்மா எழுதவில்லை. கணக்குச் சீட்டுகளில் ‘ஆபீஸ் செலவு’ என்று ஒரு வரி வரும். எந்த ஆபீஸ், என்ன செலவு என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும். வில்லங்க விவரத்தை tnreginet.gov.in தளத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பட்டாவும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. ஆகவே ‘வில்லங்கம் எடுத்த செலவு ஐயாயிரம்’ என்று யாராவது சொன்னால் ரசீதைக் கேளுங்கள். அரசுக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் இருக்காது.

பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் எழுத எனக்கு அதிக நேரம் எடுத்த பகுதி. விற்பவர் ஒப்பந்தம் போட்ட பிறகு தாமாக விலகினாலும் முழுக் கமிஷன் தர வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கனமான வரி, கோர்ட்டில் அப்படியே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய தொகையை எழுதிவைத்திருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அதனால் நான் 15,000 ரூபாய் என்று ஒரு தொகையை எழுதுகிறேன். என் அலைச்சலுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். வாங்குபவர் விலகினால் விற்பவரிடம் எனக்கு ஒன்றுமில்லை. அவருடைய முன்பணம் விற்பவரிடமே நின்றுபோனால் அதில் பாதி புரோக்கருக்கு என்று கேட்கிற ஆட்கள் உண்டு. அதில் எனக்குப் பங்கில்லை என்றும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் பேரம் முறிவதில் எனக்கே ஒரு லாபம் வந்துவிடும், அது ஆகாது.

நான் மட்டும்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை என் கடிதத்தில் இல்லை. ஐந்து பேரிடம் சொல்லிவைப்பதுதான் இங்கே வழக்கம், அதை மாற்ற என்னால் ஆகாது. ஒரே பார்ட்டியை இரண்டு புரோக்கர்கள் கூட்டிவந்தால், எழுத்தில் முதலில் பெயர் கொடுத்தவருக்குத்தான் கமிஷன், உரிமையாளர் இரண்டு முறை தர வேண்டியதில்லை என்று மட்டும் எழுதுகிறேன். கடிதத்துக்குக் காலம் 90 நாள்.

கடிதத்தை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், தபாலிலும் இரண்டு பிரதி. மகள் படித்துச் சொல்ல, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினார். இப்படி இருவரும் கையெழுத்திட்ட கடிதம் சட்டப்படி ஒப்பந்தமாகிவிடும். கோர்ட்டு வரை போகலாம் என்று நினைக்கிற அளவுக்குப் பெரிய தொகை என்றால், உரிய மதிப்பு முத்திரைத்தாளில் எழுதிவிடுவது நல்லது. யார் வந்து பார்த்தார்கள் என்று அன்றன்றே செய்தி அனுப்பினேன். ஏழாவது பெயர்தான் வாங்கியவர்.

பதிவு நாளில் ஒரு சின்னக் கலவரம். வங்கியில் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்த டீச்சரின் மகள், “57,600 ரூபாய் குறையுது அங்கிள். வாங்குறவர்ட்ட நீங்க வாங்குற ஒரு சதவீதமும் சரியா 57,600 தானே? எங்க பணத்துலருந்து எடுத்துட்டாங்களா?” என்றார். குரலில் கோபம் இருந்தது. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் விலையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். 57,60,000 ரூபாயில் ஒரு சதவீதம் 57,600. அது டீச்சரின் பான் எண்ணில் வரவாக நிற்கும், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வாங்கியவர் எனக்குத் தர வேண்டிய ஒரு சதவீதமும் அதே எண் என்பது தற்செயல். வரி கட்டிய சலானை வாங்கியவர் செல்போனில் காட்டினார், நான் கடிதத்தின் அந்த வாக்கியத்தைக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் அடங்கியது. அந்தக் கடிதம் இல்லாமல் வெறும் வாயால் விளக்கியிருந்தால் நம்பியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, விலை 50 லட்சத்தை எட்டும் என்று தோன்றினால், இந்த வரிப் பிடித்தத்தையும் ஒரு வரியில் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

86,400 ரூபாயை டீச்சர் மறுநாள் வங்கி வழியாக அனுப்பினார். ரசீது எழுதி ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பத்திர எண், பதிவு தேதி, விற்ற விலை, கமிஷன் சதவீதம், என் பான் எண் எல்லாம் இருந்தது. “இவ்வளவு எதுக்குத் தம்பி, பணம் வந்துச்சுன்னு எழுதினாப் போதாதா?” என்று கேட்டார். மனை விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது, விற்பனைக்காகவே ஆன செலவைக் கழிக்கலாம். தரகு அதில் சேரும். ஆடிட்டர் கேட்டால் கடிதத்தையும் ரசீதையும் சேர்த்தே கொடுங்கள் டீச்சர் என்றேன். கைக்குப் பேசியிருந்தால் அந்த 6,60,000 ரூபாய்க்கு எந்தக் காகிதமும் இருந்திருக்காது என்பதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.